அறிவியல் புனைவு புரியாது என்பவருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' படத்தில், எதிர்காலத்தில் செய்யப்பட்ட கால இயந்திரம் ஒன்று இரண்டு வேலையற்ற நண்பர்கள் கையில் சிக்குகிறது. அதை வைத்து இளங்கோவும் புலிவெட்டி ஆறுமுகமும் தொடங்குவது, தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் ஜோசியத் தொழில். பொருள் தொலைந்த நாளுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்த இயந்திரம் எந்தத் தத்துவத்தில் ஓடுகிறது, எரிபொருள் என்ன என்றெல்லாம் படம் பார்த்தவர்கள் யாரும் கவலைப்படவில்லை. மாட்டிக்கொள்வார்களா, தப்பித்துவிடுவார்களா என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருந்தது.

அப்படி ரசித்துப் பார்த்த ஒருவரிடமே ஓர் அறிவியல் புனைகதைப் புத்தகத்தை நீட்டிப் பாருங்கள். "ஐயோ, எனக்கு சயின்ஸெல்லாம் வராது. பத்தாம் வகுப்போடு சரி" என்று கையை இழுத்துக்கொள்வார். திரையில் வராத பயம் தாளில் எங்கிருந்து வருகிறது?

இதற்கு ஒரு நல்ல விளக்கம் எழுத்தாளர் ஜோ வால்டன் எழுதிய கட்டுரை ஒன்றில் கிடைக்கிறது. அவருடைய நண்பர் ஒருவர் ஜோ ஹால்டிமன் எழுதிய 'தி ஃபாரெவர் வார்' நாவலை எடுத்தார். 1974-இல் வந்த அந்த நாவல், விண்வெளிப் போருக்குப் போகும் சிப்பாய்களைப் பற்றியது. அவர்களுக்குச் சில ஆண்டுகளே கழிய, பூமியில் நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தால் சொந்த ஊரே அந்நியமாக இருக்கிறது. ஹால்டிமன் வியட்நாம் போரில் காயப்பட்டுத் திரும்பியவர் என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் கதை இன்னும் உறைக்கும். வால்டனின் நண்பரோ அந்த இடத்துக்கே வந்து சேரவில்லை. கதையில் வரும் டேக்கியான் எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் மேலே நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். பழகிய வாசகருக்கு அந்த எஞ்சின் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகும் வண்டி மட்டுமே. பெயரை மனசில் போட்டுக்கொண்டு தாண்டிவிடுவார். புதியவரோ அதைப் பரீட்சைக் கேள்வி என்று நினைத்துக்கொள்கிறார்.

ஆக, புதியவருக்கு இல்லாதது அறிவியல் அறிவு என்று சொல்ல முடியாது. எதைத் தாண்டிப் போகலாம், எதற்கு நிற்க வேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். நாலைந்து கதை படித்தால் அது தானாக வந்துவிடும். அந்த நாலைந்து கதை எவை என்பதில்தான் சிபாரிசு செய்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தங்களுக்கு உயிரான புத்தகத்தைக் கொண்டுபோய் முதல் நாளே கையில் திணிக்கிறார்கள்.

சிபாரிசு செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், எந்த இடத்தில்?' ஏனென்றால் "டெக்னிக்கலாக இருக்கிறது" என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது இரண்டு வேறு வேறு சங்கடங்கள் ஒளிந்திருக்கின்றன. இதைப் பிரித்துப் பார்க்காமல் கொடுக்கும் சிபாரிசு குறி தவறும்.

ஒருவர் ஆண்டி வெயர் எழுதிய 'தி மார்ஷியன்' நாவலை வைத்துவிட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க் கிரகத்தில் தனியாக விடப்பட்ட மார்க் வாட்னி உருளைக்கிழங்கு பயிர் செய்து பிழைக்கும் கதை அது. ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும், இருக்கும் மண்ணில் எத்தனை கிழங்கு விளையும், ராக்கெட் எரிபொருளை வைத்துத் தண்ணீரை எப்படி உண்டாக்குவது என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்குகளைத் தாண்டிப் படித்தால் கதையே மிஞ்சாது. கணக்குச் சரியாக வருமா என்பதுதான் அங்கே விறுவிறுப்பு. மொழியோ மிக எளிது. வாட்னி நாட்குறிப்பில் கிண்டலும் கேலியுமாக எழுதுகிறான், முக்கால்வாசி இடங்களில் சிரிப்பு வருகிறது. ஆனாலும் கணக்கு என்றாலே ஒதுங்குபவருக்கு இது முதல் புத்தகம் ஆகாது.

இன்னொருவர் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை வைத்துவிட்டேன் என்கிறார். அவரும் சொல்வது அதே "டெக்னிக்கல்" புகார்தான். ஆனால் 1965-இல் வந்த அந்தப் பெரிய நாவலில் பள்ளிக்கூடப் பாடம்போல விளக்கப்படும் அறிவியல் வெகு குறைவு. அரச குடும்பங்களின் பகை, மதம், பாலைவன மக்கள் என்று சரித்திரக் கதைக்குரிய சரக்குகளே அதிகம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே பெனி ஜெஸரிட், கோம் ஜப்பார், க்விஸாட்ஸ் ஹடெராக் என்று கேள்விப்படாத பெயர்கள் வரிசை கட்டி வருகின்றன. புத்தகத்தின் கடைசியில் ஒரு சொல் அகராதியே இணைத்திருக்கிறார்கள். வாசகர் பயந்தது அறிவியலைக் கண்டு இல்லை, அந்நியமான பெயர்களைக் கண்டு. வில்லியம் கிப்ஸனின் 'நியூரோமேன்ஸர்' (1984) இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் அகராதி கூடக் கிடையாது.

'மார்ஷியன்' தடுக்கியவருக்கு, கணக்கு இல்லாத, ஒரே ஒரு புதுமையை மட்டும் நம்பச் சொல்லும் கதை வேண்டும். 'டியூன்' தடுக்கியவருக்கு, நமக்குத் தெரிந்த ஊரிலும் தெரிந்த பேச்சிலும் நடக்கும் கதை வேண்டும். இரண்டும் பொருந்தும் கதைகளும் இருக்கின்றன. யாரென்றே தெரியாத ஒருவருக்குச் சிபாரிசு செய்யும்போது அவைதான் பத்திரமானவை.

ஓர் உதாரண வாசகரை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டியவர், வங்கி வேலை. தி. ஜானகிராமனும் அசோகமித்திரனும் பிடிக்கும். ஆங்கிலத்தில் செய்தித்தாளும் எப்போதாவது ஒரு நாவலும் படிப்பார். மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எங்கே புரியாமல் போகிறார்கள் என்பதுதான் கதையில் அவருக்கு ருசி. இவருக்கு டேனியல் கீஸ் எழுதிய 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' என்ற கதையைக் கொடுக்கலாம்.

1959-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் சிறுகதையாக வந்தது அது. அடுத்த ஆண்டே அறிவியல் புனைவின் பெரிய பரிசான ஹியூகோவை வாங்கியது. சார்லி கார்டன் என்ற முப்பத்தேழு வயது ஆள் ஒரு தொழிற்சாலையில் எடுபிடி வேலை பார்க்கிறான். அறிவுத்திறன் எண் 68. படிக்க வேண்டும் என்ற ஆசையில் இரவு வகுப்புக்குப் போகிறான். மூளையில் ஓர் அறுவை சிகிச்சை செய்தால் புத்திசாலி ஆகலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். அதே சிகிச்சையை முன்பே பெற்ற ஓர் எலியின் பெயர்தான் அல்ஜெர்னான். சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்கும் போட்டியில் எலி சார்லியைத் தோற்கடித்துவிடுகிறது. இந்த ஓர் அறுவை சிகிச்சையைத் தவிர கதையில் புதுமை எதுவும் இல்லை. ஊர், தொழிற்சாலை, சக தொழிலாளிகள், டீச்சர் எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்காவில் உள்ளபடிதான்.

கதை முழுவதும் சார்லி எழுதும் முன்னேற்ற அறிக்கைகளாகவே இருக்கிறது. தொடக்கத்தில் எழுத்துப் பிழைகள் மலிந்து கிடக்கும். சிகிச்சைக்குப் பிறகு மெல்ல மெல்லத் திருந்தும். நடுவே ஓர் இடம் வருகிறது: கால்புள்ளி என்று ஒன்று இருப்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உடனே அதை வாக்கியத்தில் கண்ட இடத்தில் எல்லாம் போட்டுத் தள்ளுகிறான். அடுத்த நாள் மற்ற குறிகளையும் கற்றுக்கொண்டு அத்தனையையும் ஒரே பத்தியில் தூவிவிடுகிறான். இன்னும் சில பக்கங்களில் அவனுடைய வாக்கியங்கள் மருத்துவர்களுடைய வாக்கியங்களையே மிஞ்சிவிடுகின்றன. மூளையில் என்ன நடந்தது என்று நரம்பியல் பாடம் எடுக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு வரவே இல்லை. எழுத்து நடை மாறுவதை வாசகர் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்.

கதை குத்தும் இடம் அதற்கப்பால் இருக்கிறது. தன்னோடு சிரித்துப் பேசிய வேலைக்கூட நண்பர்கள், இத்தனை நாளும் தன்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள் என்பது புத்தி வந்தபின் சார்லிக்கு விளங்குகிறது. ஓர் உணவகத்தில் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்துவிட்டு விழிக்கும் பையனைப் பார்த்து எல்லோரும் சிரிக்க, சார்லியும் சேர்ந்து சிரித்துவிடுகிறான். சிரித்த பிறகுதான் அந்தப் பையன் யார் மாதிரி இருக்கிறான் என்பது உறைக்கிறது. பிறகு ஒரு நாள் எலியின் நடவடிக்கையில் ஒரு மாற்றம் தெரிகிறது. அதற்குமேல் சொல்வது முறையல்ல. ஜானகிராமன் வாசகர் இங்கே எதற்குத் தயங்கப் போகிறார்?

ஓர் எச்சரிக்கை. இதை கீஸ் 1966-இல் நாவலாகவும் விரித்து எழுதினார். நாவலில் சார்லி ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். குழந்தைப் பருவம், தாய், காதல் என்று கதை நன்றாக அகன்றுவிடுகிறது. இலக்கியமாக அதுவும் நல்ல புத்தகம்தான். ஆனால் முதல்முறை வருபவருக்குச் சிறுகதை வடிவமே போதும்; ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். ஆங்கிலம் சரளமாக வராதவர் என்றால் தொடக்கப் பக்கங்களின் எழுத்துப் பிழைகள் எரிச்சல் தரலாம். வேண்டுமென்றே செய்த பிழை, சத்தம் போட்டுப் படித்தால் புரியும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் அச்சுப்பிழை நிறைந்த மலிவுப் பதிப்பு என்று நினைத்து மூடிவைத்துவிடுவார்.

சிறுகதையில் தொடங்குவதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. நானூறு பக்கம் படித்து ஏமாந்தால் வாசகர் அந்தத் துறையையே வெறுப்பார். ஐந்து பக்கம் பிடிக்காமல் போனால் அந்தக் கதையை மட்டும்தான் வெறுப்பார். ரே பிராட்பரியின் 'ஆல் சம்மர் இன் எ டே' (1954) ஐந்தாறு பக்கத்துக்குள் அடங்கிவிடுவது. வெள்ளிக் கிரகத்தில் ஓயாமல் மழை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் மட்டும் சூரியன் தலைகாட்டும். வகுப்பில் இருக்கும் குழந்தைகள் யாருக்கும் சூரியன் நினைவில்லை, பூமியிலிருந்து வந்த மார்கோ என்ற சிறுமியைத் தவிர. அவளுக்கு நினைவிருக்கிறது என்பதே மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. சூரியன் வரும் நாளில் அவளை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். பள்ளிக்கூடம் போன யாருக்கும் அந்தப் பொறாமை தெரியும்.

உண்மையான வெள்ளிக் கிரகத்தின் தரையில் வெப்பம் 460 டிகிரி செல்சியஸுக்குமேல். அங்கே தரைக்கு வந்துசேரும் மழையே கிடையாது. ஆக, பிராட்பரியின் அறிவியல் முழுக்கத் தப்பு. கதை இன்றைக்கும் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அறிவியல் புனைவைப் படிக்க அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்று வாதிடுபவரிடம் இந்த ஒரு கதையைக் காட்டினால் போதும்.

சரித்திரத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இதே அளவில் இன்னொன்று உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாஸ் ட்ரீம்' 1905-இல் அச்சானது, அதுவும் சென்னையிலிருந்து வந்த 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். சாய்வு நாற்காலியில் கண்ணயரும் ஒரு பெண், ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் நாட்டை நடத்தும் ஓர் ஊருக்குப் போய்விடுகிறாள். அங்கே சமையலறையில் கரியும் புகையும் இல்லை. சூரிய வெப்பத்தில் சமையல். மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் இறக்கிக்கொள்கிறார்கள், அதனால் வெள்ளமும் இல்லை, சேறும் இல்லை. படையெடுத்து வந்த எதிரியை ஆண்களின் வீரம் தடுக்க முடியாமல் போக, சேமித்து வைத்த வெயிலைத் திருப்பிவிட்டே பெண்கள் விரட்டுகிறார்கள். கருவிகள் எல்லாம் ஓரிரு வரியில் முடிந்துவிடும். கதையின் உயிர் முழுவதும் அந்தக் குறும்பில்தான். பர்தாவுக்குள் இருந்த ஒரு பெண் 120 ஆண்டுக்கு முன் எழுதியது என்பதை மறந்துவிட்டால் நேற்று எழுதிய நையாண்டி போலத் தோன்றும்.

தமிழிலேயே படிக்க வேண்டும் என்பவருக்குக் கேள்வியே இல்லை, சுஜாதாதான். இதைச் சொல்வதில் புதுமை இல்லை என்பது உண்மை. ஆனால் அவருடைய எந்தப் புத்தகம், ஏன் என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், தயங்கும் வாசகரை அவர் எப்படிக் கை பிடித்துக் கூட்டிப்போகிறார் என்பது தெரிகிறது. கதை நடப்பது 2020-களில், ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் உள்ள இந்தியாவில். அந்தக் காலத்து வாசகருக்கு அது தொலைதூர எதிர்காலம். தொடக்கத்தில் அவர் நம்மை நிறுத்துவதோ ஒரு கணவன் மனைவி வீட்டில். நிலாவுக்கும் சிபிக்கும் குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி கிடைக்கிறது. பிறகு சிபி காணாமல் போகிறான். அதே வீட்டில் தங்க ரவி என்பவன் வந்து சேர்கிறான், கூடவே ஜீனோ என்ற இயந்திர நாயும்.

பெயர்களைப் பாருங்கள்: நிலா, சிபி, ரவி, ஜீவா, ஜீனோ. எல்லாம் ஈரெழுத்து. நாக்கில் புரளாத ஒரு பெயர் கிடையாது. எதிர்கால உலகத்தின் விதிகள் எல்லாம் நிலாவின் அன்றாடச் சிக்கல்கள் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. குழந்தைக்கு அனுமதி வேண்டும் என்ற ஒரே விவரத்திலேயே அந்த ஆட்சி எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடுகிறது. தனியாகப் பிரசங்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. போகப்போக யோசிக்கவும் குறும்பு செய்யவும் பழகிக்கொள்ளும் ஜீனோவைத்தான் படித்தவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். எழுதியவரோ பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். அவர் நினைத்திருந்தால் ஜீனோவின் சர்க்யூட்டைப் பத்துப் பக்கத்துக்கு விளக்கியிருக்க முடியும். வார இதழ் வாசகர் அடுத்த வாரமும் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வை முதலில் கொடுத்துவிடக் கூடாது. நூலகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், தவறி எடுப்பது சுலபம். அறிவியல் புனைவில் பல புத்தகங்கள் தொடர் வரிசையில் வருபவை. வரிசையின் நடுப் புத்தகத்தைப் பிடித்தவருக்கு ஒன்றும் புரியாமல் போவதற்கு அவர் மூளை காரணம் இல்லை. அட்டையிலோ உள்பக்கத்திலோ எத்தனையாவது பாகம் என்று பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

அறிவியல் புனைவு அலமாரிக்கே போக மாட்டேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொது இலக்கிய அலமாரியிலேயே ஆள் இருக்கிறது. 2017-இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மி கோ' (2005) அப்படிப்பட்டது. முப்பத்தோரு வயது கேத்தி, தான் படித்த உறைவிடப் பள்ளியை நினைத்துப் பார்க்கிறாள். தோழிகளோடு சண்டை, ஆசிரியைகள் மேல் ஆசை, தொலைந்துபோன பாட்டுக் கேசட். பராமரிப்பாளர், கொடையாளி என்று அவள் சொல்லும் சொற்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால் அவள் வாயில் அவை வேறு ஏதோ அர்த்தத்தில் வருகின்றன என்ற சந்தேகம் இருபது முப்பது பக்கத்தில் வாசகருக்குள் ஊரத் தொடங்கும். 'டியூன்' பண்ணுவதற்கு நேர் எதிரான வேலை இது. தெரியாத சொல் ஒன்றைக்கூடப் போடாமல், தெரிந்த சொற்களை வைத்தே அந்நிய உலகத்தைக் கட்டிவிடுகிறார்.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979) இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது. 1976-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோகும் டேனா என்ற கறுப்பினப் பெண்ணுக்குத் தலை சுற்றுகிறது. கண் விழித்தால் ஓர் ஆற்றங்கரை, தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவன். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் மேரிலாந்து, அடிமை முறை நடைமுறையில் இருந்த மாநிலம். அவள் எப்படிக் காலம் கடந்தாள் என்பது கடைசிப் பக்கம்வரை விளக்கப்படவே இல்லை. அதனாலேயே இது அறிவியல் புனைவு இல்லை என்று பட்லரே சொல்லிவந்தார். சரித்திர நாவல் பிடித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் கிடைப்பது கடினம். ஆனால் சவுக்கடியும் வன்முறையும் நேரடியாக வரும் புத்தகம். இளகிய மனசுக்காரர் என்றால் யோசித்துக் கொடுக்க வேண்டும். புரியாமை மட்டும்தான் ஒரு புத்தகத்தை மூடவைக்கும் என்பதில்லை.

சினிமாவைப் பார்த்து மூலக்கதையைத் தேடுபவர்களுக்கு ஒரு பள்ளம் காத்திருக்கிறது. 2016-இல் வந்த 'அரைவல்' படம் பலருக்கும் பிடித்தது. வேற்றுக்கிரகவாசிகளின் மொழியைக் கற்கும் ஒரு பெண், அவளுடைய மகள், கண்ணீர். சரி, டெட் சியாங் எழுதிய மூலக்கதையான 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' (1998) இன்னும் நன்றாக இருக்குமே என்று எடுத்தால், நடுவில் ஒளி தண்ணீருக்குள் எப்படி வளைந்து போகிறது என்ற விளக்கம் படத்தோடு வந்து நிற்கும். மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையை ஒளி தேர்ந்தெடுக்கிறது என்ற ஃபெர்மாவின் கோட்பாடு அது. சியாங் அதை அருமையாகச் சொல்கிறார், கதைக்கு அது அச்சாணியும்கூட. படம் எடுத்தவர்கள் அதை ஏறக்குறைய முழுசாகவே விட்டுவிட்டார்கள். படம் புரிந்தது என்பதை வைத்துக் கதை புரியும் என்று உத்தரவாதம் தர முடியாது. இந்தக் கதையை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கொடுங்கள், அப்போது இனிக்கும்.

கடைக்கோ புத்தகக் கண்காட்சிக்கோ போய் நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால்? பின்னட்டையை நம்ப வேண்டாம். பரிசு வாங்கியது, எக்காலத்திலும் சிறந்தது என்பதெல்லாம் ஏற்கனவே ஊறியவர்கள் தந்த சான்றிதழ். சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'தி த்ரீ பாடி பிராப்ளம்' ஆங்கிலத்தில் வந்த பிறகு 2015-இல் ஹியூகோ பரிசு பெற்றது; பிரமிக்கவைக்கும் கற்பனை, சந்தேகமில்லை. ஆனாலும் இயற்பியல் என்றால் விலகி ஓடுபவரை அது மேலும் ஒரு மைல் ஓடவைக்கும்.

அதற்குப் பதில் முதல் இரண்டு பக்கங்களை நின்றபடியே படித்துப் பார்க்கலாம். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு மனிதருக்கு ஏதாவது வேண்டும் என்பது தெரிகிறதா? கேள்விப்படாத சொற்கள் எத்தனை? ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, ஆறேழு இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். அங்கே சொல் அகராதியோ, வம்ச வரிசையோ, நட்சத்திர வரைபடமோ இருந்தால் அது இரண்டாம் ஆண்டுக்குரிய புத்தகம். கதை சொல்பவர் யார் என்பதும் முக்கியம். சார்லி, கேத்தி, டேனா ஆகிய மூவருக்கும் கதை தொடங்கும்போது நம்மைவிட அதிகமான அறிவியல் தெரியாது. விஞ்ஞானி சொல்லும் கதையில் நாம் அவரைத் துரத்த வேண்டியிருக்கும். இவர்களோடு நாம் சேர்ந்தே நடக்கலாம்.

நாலைந்து கதை தாண்டியபின் ஏறுவதற்குப் படி இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்' (1953) என்ற சிறுகதையில், திபெத்திய மடாலயம் ஒன்று கடவுளின் எல்லாப் பெயர்களையும் எழுதி முடிக்க ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுக்கிறது. அதைப் படித்து ரசித்தவர், 1956 முதல் 2008-இல் இறக்கும்வரை இலங்கையிலேயே வாழ்ந்த கிளார்க்கின் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979) நாவலுக்குப் போகலாம். விண்வெளிவரை எழும் ஒரு லிஃப்டைக் கட்டும் கதை. பொறியியல் நிறையவே உண்டு. ஆனால் நாவல் நடக்கும் தீவு இலங்கையை அச்சாகக் கொண்டது, சிகிரியாக் குன்றின் அரசன் கதையும் ஊடே வருகிறது. எஞ்சினியரிங் வரும்போது மூச்சு வாங்கினால் அரசன் கதையில் இளைப்பாறிக்கொள்ளலாம். 'மார்ஷியன்' அதற்குப் பிறகு.

இத்தனையும் படித்துவிட்டு "சரி, நாளைக்கு ஒன்றே ஒன்று வாங்க வேண்டும், எதை?" என்று கேட்பவருக்கு: தமிழில் என்றால் 'என் இனிய இயந்திரா'. ஆங்கிலத்தில் என்றால் 'ஃப்ளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்', நாவலை விட்டுவிட்டுச் சிறுகதை வடிவத்தைத் தேடி எடுங்கள். கொடுக்கும்போது அறிவியல் புனைவு என்று சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. படித்து முடித்தபின் சொல்லிக்கொள்ளலாம்.